சேரும் தேதி: வேலையை ஏற்கும் மின்னஞ்சலும் அதன் பின்னுள்ள கணக்கும்

வேலை தருவதாக நிறுவனம் அனுப்பும் ஆஃபர் லெட்டர், சட்டத்தின் கண்ணில் ஒரு முன்மொழிவு. அதற்குப் பதிலாக 'ஏற்கிறேன்' என்று போகும் மின்னஞ்சல்தான் அந்த முன்மொழிவை உடன்பாடாக்குகிறது. பலர் இதை நன்றி சொல்லும் கடிதமாக நினைத்து எழுதிவிடுகிறார்கள். உண்மையில் பழைய வேலையை விடுவதும், புதிய சம்பளம் தொடங்குவதும், வருங்கால வைப்புநிதியின் பதிவும், அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கும் இந்தச் சில வரிகளைச் சார்ந்திருக்கின்றன. அந்த வரிகளுக்குள்ளும் மிகவும் கனமானது சேரும் தேதியைச் சொல்லும் வரி. அது பிழைபட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகும்.

இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முன்மொழிந்தவர் ஐந்து விஷயங்களைச் சொல்லியிருக்க, ஏற்பவர் நான்கை மட்டும் ஒப்புக்கொண்டு ஐந்தாவதை மாற்றினால், அது ஏற்பு ஆகாது. புதிய எதிர்மொழிவு ஆகிவிடும். அந்த எதிர்மொழிவை மறுதரப்பு ஏற்கும் வரை இருவருக்கும் இடையே உடன்பாடு இல்லை. 'வேலையை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன், ஆனால் செப்டம்பர் 1க்குப் பதிலாக 8ஆம் தேதி சேர்கிறேன்' என்று எழுதுபவர், தாம் வேலையை ஏற்றுவிட்டதாக நம்புகிறார். சட்டப்படி அவர் புதிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மின்னஞ்சல் மூலம் உடன்பாடு செல்லுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதனுள் சேர்ந்த 10ஏ பிரிவு, மின்னணு வழியில் நிகழ்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தெளிவாக்கியது. ஏற்பு எந்தக் கணத்தில் முழுமை பெறுகிறது என்பது பழைய கேள்வி. தபாலில் அனுப்பிய ஏற்பு, பெட்டியில் போட்டவுடனேயே முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் என்பது தபால் காலத்து விதி. தொலைபேசிக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1965இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்கி விற்பதில் எழுந்த வழக்கு அது. ஏற்பு எங்கே காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் உருவானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை நடைமுறைக்கு உதவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பெறுநர் ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த முகவரிக்குரிய கணினி அமைப்புக்குள் செய்தி நுழைந்ததும் அது பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். குறித்துக் கொடுக்காத வேறு முகவரிக்கு அனுப்பினால், பெறுநர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் பெறப்பட்டதாகும். ஆகவே ஆஃபர் லெட்டரில் சொல்லப்பட்ட முகவரிக்கே பதில் போக வேண்டும். நேர்காணலின்போது பேசிய மேலாளரின் தனிப்பட்ட முகவரிக்கோ, வேலை வாங்கித் தந்த கன்சல்டன்சிக்கோ மட்டும் அனுப்பிவிட்டு இருப்பது பாதுகாப்பல்ல. நிறுவனம் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கு 'ரிப்ளை' கொடுப்பது இன்னும் நல்லது. எந்த முன்மொழிவுக்கு எந்தப் பதில் என்பது கீழேயே தொடர்ச்சியாகத் தெரியும். பல பெரிய நிறுவனங்களில் இணைய வாசல் ஒன்றில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தி மின்கையெழுத்து இடுவதே ஏற்பாக இருக்கிறது. அங்கும் தேதியையும் ஆவணங்களையும் உறுதிசெய்யும் ஒரு மின்னஞ்சல் கூடவே போவதற்குக் காரணம் உண்டு. பொத்தானை அழுத்தியதன் பதிவு நிறுவனத்திடம் இருக்கிறது. மின்னஞ்சலின் பதிவு இருவரிடமும் இருக்கிறது.

தேதிக் கணக்கு

ஏற்கெனவே ஓரிடத்தில் வேலையில் இருப்பவருக்குச் சேரும் தேதி தன் விருப்பப்படி அமைவதில்லை. பழைய நிறுவனத்தின் நோட்டீஸ் பீரியட் முடிய வேண்டும். தமிழ்நாட்டின் தனியார் நிறுவனங்களில் 30, 60, 90 நாள் என்று பல அளவுகள் வழக்கில் உள்ளன. மென்பொருள் துறையில் 60ம் 90ம் அதிகம். எத்தனை நாள் என்பது பழைய நிறுவனத்தின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கும். இடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தால் அந்தக் கடிதம் நோட்டீஸ் காலத்தை நீட்டியிருக்கவும் கூடும். முதல் நாளில் கையெழுத்திட்ட 30 நாளை நினைவில் வைத்துப் புதிய நிறுவனத்துக்குத் தேதி சொல்லிவிட்டு, ராஜினாமா கொடுத்த பிறகு 90 நாள் என்று அறிந்து திகைப்பவர்கள் உண்டு. ஏற்பு மின்னஞ்சலை எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதம் புதிய ஆஃபர் மட்டுமல்ல. பழைய வேலையின் கடைசிக் கடிதமும்தான்.

ஓர் எடுத்துக்காட்டை நாள்வாரியாகப் பார்க்கலாம். கோவையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் ஒருவருக்கு, சென்னை நிறுவனம் ஒன்றிடமிருந்து 2025 ஜூலை 2, புதன்கிழமை ஆஃபர் லெட்டர் வருகிறது. ஜூலை 7, திங்கள் மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். சேரும் தேதி செப்டம்பர் 1, திங்கள். அவருக்கு 60 நாள் நோட்டீஸ். ஜூலை 7 அன்று ராஜினாமா கொடுத்தால் 60 நாள் எப்போது முடியும்? கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினால் செப்டம்பர் 4. மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூலையில் 24 நாள், ஆகஸ்டில் 31 நாள், மீதி 5 நாள். ஆக செப்டம்பர் 5, வெள்ளி. ஒப்பந்தத்தில் '60 நாள்' என்று இல்லாமல் 'இரண்டு மாதம்' என்று இருந்தால் இரண்டு நாள் தள்ளி செப்டம்பர் 7 ஆகிவிடும். எப்படி எண்ணினாலும் செப்டம்பர் 1 நடக்காத காரியம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். வேலை கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற பதற்றத்தில் செப்டம்பர் 1ஐ ஏற்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பழைய நிறுவனத்தில் பேசிச் சில நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறார்கள். குறைக்க வழிகள் உண்டு என்பது உண்மையே. மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். சேர்ந்திருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழிக்கச் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். ஆனால் பல ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தவை. பணியாளர் தாமாக எடுத்துக்கொள்ளும் உரிமை அல்ல. கட்ட வேண்டிய தொகை அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படுமா, மொத்தச் சம்பளத்திலா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிறர் சம்மதத்தை நம்பி மூன்றாமவருக்கு வாக்குக் கொடுப்பது சரியான வரிசை அல்ல.

சரியான வரிசை, தேதியை முதலில் பேசி முடிப்பது. அந்தப் பொறியாளர் ஜூலை 3 அன்று அனுப்ப வேண்டியது ஏற்பு அல்ல, வேண்டுகோள். 'பணி, சம்பளம், இடம் ஆகியவை எனக்குச் சம்மதமே. என் நோட்டீஸ் காலம் 60 நாள் என்பதால் செப்டம்பர் 8, திங்கள் அன்று சேர வாய்ப்பளித்து, அத்தேதியுடன் திருத்திய கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். அது கிடைத்ததும் ஏற்பைத் தெரிவிக்கிறேன்' என்ற மூன்று வாக்கியம் போதும். செப்டம்பர் 8 என்று கேட்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. திருத்திய கடிதம் வருவது தாமதமாகி, ராஜினாமா ஜூலை 9 வரை தள்ளிப்போனாலும் 60 நாள் செப்டம்பர் 7, ஞாயிறு அன்று முடிந்துவிடும். இரண்டு நாள் இடைவெளியை உள்ளே வைத்துக் கேட்ட தேதி அது. ஆனால் கடிதம் தாமதமானால் பதிலுக்கான கெடுவையும் நீட்டிக் கேட்டு எழுத்தில் வாங்கியாக வேண்டும். கெடு தாண்டினால் முன்மொழிவே காலாவதியாகிவிடும்.

நிறுவனம் கடிதத்தைத் திருத்தாமல், 'சரி, 8ஆம் தேதி வாருங்கள்' என்று மின்னஞ்சலில் மட்டும் பதில் சொன்னாலும் அது எழுத்துச் சான்றே. தொலைபேசியில் சொன்னால் மட்டும், அன்றே 'இன்று தொலைபேசியில் பேசியபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதற்கு எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். வாய்ப்பேச்சை மறப்பது மனித இயல்பு, அந்த எச்.ஆர். அலுவலரே இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம்.

ராஜினாமா இந்த வரிசையில் கடைசியில் வருகிறது. திருத்திய கடிதம், ஏற்பு, ஏற்பைப் பெற்றுக்கொண்டதாக நிறுவனத்தின் பதில், அதன் பிறகே ராஜினாமா. இந்தக் கண்டிப்புக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை, 'நிறைவேற்றியே ஆக வேண்டும்' என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஏற்புக்குப் பிறகு தனியார் நிறுவனம் ஆஃபரைத் திரும்பப் பெற்றால், வேலையையே கொடு என்று கேட்டுப் பெறுவது அரிது. இழப்பீடு கேட்டு நெடுநாள் அலையலாம். ஒரு வேலை போய், மறுவேலையும் வராமல் நடுத்தெருவில் நிற்கும் நிலைக்கு எதிராக ஒருவருக்கு உள்ள உண்மையான காப்பு இந்த வரிசைதான்.

மின்னஞ்சலின் உடல்

ஜூலை 4 அன்று திருத்திய கடிதம் வந்துவிட்டது என்று கொள்வோம். ஜூலை 7 காலையில் அனுப்பும் ஏற்பு மின்னஞ்சல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும், உள்ளே இருக்க வேண்டியவை மாறுவதில்லை.

பொருள்: பணிவாய்ப்பை ஏற்றல் – மென்பொருள் பொறியாளர் – சேரும் தேதி 8 செப்டம்பர் 2025

வணக்கம்.

2025 ஜூலை 4 தேதியிட்ட திருத்திய பணிவாய்ப்புக் கடிதத்தையும் அதன் இணைப்புகளையும் படித்தேன். அதில் கண்ட விதிமுறைகளின்படி மென்பொருள் பொறியாளர் பணியை ஏற்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன்.

சென்னை அலுவலகத்தில் 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை சேர்கிறேன். என் தற்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் செப்டம்பர் 5 அன்று முடிகிறது.

கல்விச் சான்றுகள், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், அடையாளச் சான்றுகள் ஆகியவற்றை ஜூலை 14க்குள் உங்கள் ஆவண வாசலில் ஏற்றுகிறேன். ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான கடிதம் கிடைத்தவுடன் அனுப்புகிறேன். ரிலீவிங் லெட்டரைச் சேர்ந்த பின், செப்டம்பர் 15க்குள் தர அனுமதி வேண்டுகிறேன்.

பின்னணிச் சரிபார்ப்புக்கு என் தற்போதைய நிறுவனத்தை எப்போது அணுகுவீர்கள் என்பதையும், சேரும் நாளில் வர வேண்டிய நேரத்தையும் இடத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இந்த ஏற்பு கிடைத்ததை உறுதிசெய்து பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இந்த மடலில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. முதல் பத்தியில் 'விதிமுறைகளின்படி ஏற்கிறேன்' என்ற பகுதி நிபந்தனை எதுவும் சேர்க்காமல் முடிந்துவிடுகிறது. ரிலீவிங் லெட்டருக்கு அவகாசம் கேட்பது தனிப் பத்தியில், வேண்டுகோளாக வருகிறது. அது மறுக்கப்பட்டாலும் ஏற்பு ஏற்பாகவே நிற்கும். ஏற்பையும் வேண்டுகோளையும் ஒரே வாக்கியத்தில் கோக்காமல் பிரித்து எழுதுவதே இந்த வகை மடலின் இலக்கணம் எனலாம். ஒருவர் அதைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம் எளிது: 'ஏற்கிறேன்' என்ற சொல்லுக்கு அருகிலேயே 'ஆனால்', 'என்றால்', 'என்ற நம்பிக்கையில்' போன்ற சொற்கள் வந்து நிற்கும்.

இன்னோர் இடம் செப்டம்பர் 15 என்ற தேதி. 2025இல் செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை மிலாடி நபி விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. பழைய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவு வியாழக்கிழமை மாலைக்குள் ரிலீவிங் லெட்டரைத் தயாரிக்காவிட்டால், அவர் புதிய அலுவலகத்தில் கால்வைக்கும் திங்களன்றுதான் அங்கே கோப்பு மீண்டும் திறக்கும். பல நிறுவனங்கள் மடிக்கணினி திரும்பி, கணக்கு முடித்த பிறகே அந்தக் கடிதத்தைக் கொடுக்கின்றன. முதல் நாளே ரிலீவிங் லெட்டர் தருவேன் என்று வாக்களித்தால், தன் பிழை எதுவும் இல்லாமலே வாக்குத் தவறியவராக அவர் புது அலுவலகத்தில் நுழைய நேரும். ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதமும், கடைசி வேலைநாளை உறுதிசெய்யும் மின்னஞ்சலும் இடைக்காலத்துக்குப் போதும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. முன்கூட்டியே கேட்டால்தான் ஒப்புக்கொள்ளும்.

'இணைப்புகளையும் படித்தேன்' என்று எழுதுபவர் உண்மையாகவே படித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் வேலையில் இருக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் விதி பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். இத்தகைய விதி செல்லாது என்ற பரவலான நம்பிக்கை முழு உண்மையல்ல. பொதுத்துறை வங்கி ஒன்றில் மூன்று ஆண்டு பணியாற்றாவிட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு, வேலையை விட்ட பிறகு எங்கும் பிழைக்க விடாமல் தடுப்பதற்குச் சமமல்ல என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. சேரும்போது தரும் ஊக்கத்தொகையை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இதே வகை. ஐயமிருந்தால் கேட்க வேண்டிய நேரம் ஏற்புக்கு முன்பே.

ஆவணங்கள்

நிறுவனங்கள் கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் எல்லாரும் அறிந்தவை: கல்விச் சான்றுகள், பழைய வேலைக்கான கடிதங்கள், பே ஸ்லிப், பான், ஆதார், வங்கிக் கணக்குக்கு ஒரு ரத்து செய்த காசோலை, புகைப்படம். இவற்றைத் திரட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் இவை ஒன்றோடொன்று பொருந்துவதில் இருக்கிறது, குறிப்பாகத் தமிழர்களுக்கு.

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் பள்ளி, கல்லூரிச் சான்றுகளில் தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டும் இருக்கும். பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை; விரித்து எழுத வேண்டும். அதனால் தந்தையின் பெயரே கடைசிப் பெயர் ஆகிவிடுகிறது. கடவுச்சீட்டிலும் இதே நிலை. ஆதாரில் எடுக்கும்போது இருந்த வசதிக்கேற்பத் தலைப்பெழுத்து முன்னாலோ பின்னாலோ நிற்கும், சிலருக்கு இல்லாமலே போயிருக்கும். திருமணத்துக்குப் பின் பெண்களின் தலைப்பெழுத்து மாறுவது இதனோடு சேர்ந்தால், ஒரே ஆளுக்கு நான்கு பெயர். பின்னணிச் சரிபார்ப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் வெளியூரில் இருந்தால், தலைப்பெழுத்து முறையே அவர்களுக்குப் புதிது. 'பெயர் பொருந்தவில்லை' என்று குறித்து அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு மடலிலேயே ஒரு வாக்கியம் எழுதிவிடுவது பயன் தரும்: கல்விச் சான்றுகளில் தலைப்பெழுத்துடனும், பான் அட்டையில் தந்தையின் பெயர் விரிந்தும் இருப்பது ஒரே நபரின் பெயரே என்று. தேவைப்பட்டால் இரு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் துணைக்கு வரும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழ் அறிவிப்பின் பிரதி வேண்டும். நோட்டீஸ் காலத்தின் அறுபது நாள் இந்தத் திருத்தங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஆதாரில் உள்ள பெயரைப் பானுடன் ஒத்திருக்குமாறு இப்போதே திருத்திக்கொண்டால், பின்னால் வைப்புநிதியை மாற்றும்போது அதே முட்டுக்கட்டை மீண்டும் வராது.

அனுப்பும் முறையிலும் சில எல்லைகள் உண்டு. ஆதாரை அனுப்பும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு வடிவத்தை முதலில் அனுப்பலாம். முழு எண் தேவைப்படும் வைப்புநிதிப் பதிவை, சேர்ந்த பிறகு நிறுவனத்தின் வாசலில் நேரடியாகச் செய்யலாம். மூலச் சான்றிதழ்கள் சேரும் நாளில் காட்டுவதற்கு. ஒப்பிட்டுப் பார்த்ததும் திரும்பக் கைக்கு வர வேண்டும். அவற்றை முன்கூட்டியே கூரியரில் அனுப்பச் சொல்வதோ, பாதுகாப்பு வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக் கட்டணம் என்று பணம் கேட்பதோ போலி ஆஃபரின் அடையாளம். அனுப்புநர் முகவரி நிறுவனத்தின் சொந்தத் தளப்பெயரில் இல்லாமல் பொது மின்னஞ்சல் சேவையில் இருந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே ஒரு தாளையாவது அனுப்ப வேண்டும்.

ஆவணப் பட்டியலில் அதிகம் மறக்கப்படுவது, முந்தைய நிறுவனத்தில் அந்த நிதியாண்டில் பெற்ற சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் அறிக்கை. பல ஆண்டுகளாக 12பி என்ற படிவமாக அது அறியப்பட்டது. இதைத் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே பொறியாளரின் கணக்கிலேயே பார்க்கலாம். பழைய இடத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை 5.7 லட்சம் பெற்றார். புதிய இடத்தில் செப்டம்பர் 8 முதல் மார்ச் வரை 8.8 லட்சம் பெறுவார் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் 2025–26 நிதியாண்டுக்கு, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி கட்ட வேண்டியதில்லை. தன்னிடம் வாங்கிய 8.8 லட்சத்தை மட்டும் அறிந்த புதிய நிறுவனம், ஒரு ரூபாயும் பிடிக்காது. உண்மையில் மொத்தம் 14.5 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 13.75 லட்சத்துக்கு வரி 86,250 ரூபாய். 4 சதவீத மேல்வரியுடன் 89,700. பழைய நிறுவனம் பிடித்தது போக மீதி முழுவதையும் ஜூலையில் வருமான வரிக் கணக்கு காட்டும்போது வட்டியுடன் ஒரே தவணையில் கட்ட வேண்டிவரும். மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் போயிருக்க வேண்டிய தொகை அது. பழைய நிறுவனத்தின் ஃபார்ம் 16 நிதியாண்டு முடிந்த பிறகே வரும் என்பதால், அதற்காகக் காத்திராமல் கடைசி பே ஸ்லிப்பிலும் வரிக் கணக்கீட்டுத் தாளிலும் உள்ள எண்களைக் கொண்டே இதை நிரப்பலாம்.

ஏற்புக்கும் சேர்வதற்கும் இடையில்

மடலில் பின்னணிச் சரிபார்ப்பின் காலத்தைக் கேட்டதற்குக் காரணம், அது ராஜினாமாவுக்கு முன் நடந்துவிடக் கூடாது என்பதே. சரிபார்ப்பவர் பழைய நிறுவனத்துக்கு எழுதும் ஒரு மின்னஞ்சல், அங்கே இன்னும் ராஜினாமா கொடுக்காத ஒருவரின் நிலையைச் சங்கடமாக்கிவிடும். நான் பணியில் சேர்ந்த பிறகே தற்போதைய நிறுவனத்தை அணுகுங்கள் என்று ஒரு வரி கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு கல்வியையும் பழைய வேலைகளையும் முதலில் சரிபார்ப்பார்கள். ஆஃபர் லெட்டரில் 'சரிபார்ப்பு திருப்தியாக முடிவதற்கு உட்பட்டு' என்ற நிபந்தனை இருந்தால், எந்தப் பகுதி எப்போது முடிகிறது என்று கேட்டு அறிவது ஏற்பவரின் உரிமை.

ஏற்பை உறுதிசெய்யும் பதில் இரண்டு வேலைநாளில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அறுபது நாள் மௌனமும் நல்லதல்ல. ராஜினாமா ஏற்கப்பட்டதும் அதன் பிரதி, ஆகஸ்ட் நடுவில் சேரும் தேதியில் மாற்றமில்லை என்ற இரண்டு வரி, கடைசி வாரத்தில் வரும் நேரம் பற்றிய உறுதி என மூன்று சிறு மடல்கள் போதும். இடையில் பழைய நிறுவனம் நாளைக் கூட்டிக் கேட்டால், அன்றே புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் தெரிவித்தால் இருக்கை, கணினி, அன்றைய அறிமுக வகுப்பு எல்லாம் தயாராகிவிட்டிருக்கும்; ஆகஸ்டிலேயே சொன்னால் மாற்றுவது எளிது.

தேதி எவ்வளவு நெருங்கினாலும், பழைய வேலையின் கடைசி நாளும் புதிய வேலையின் முதல் நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. வருங்கால வைப்புநிதியில் ஒருவருக்கு யுஏஎன் எனும் ஒரே எண்தான். ஒவ்வொரு நிறுவனமும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் அதன் கீழ் பதிகிறது. பழைய எண் இருப்பதைச் சேரும்போது நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தில் சொல்லாவிட்டால், இரண்டாவது எண் உருவாகி இரண்டையும் இணைக்க அலைய நேரும். விலகிய தேதி செப்டம்பர் 5க்குப் பதில் 10 என்று தவறாகப் பதிவானால், ஒரே நேரத்தில் இரு இடத்தில் வேலை பார்த்ததுபோல் பதிவில் தெரியும். அடுத்த வேலைக்கான சரிபார்ப்பில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமலே விட்டுவிடுவதும் நடக்கிறது. அப்போது கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, உறுப்பினரே இணைய வாசலில் ஆதாருடன் இணைந்த கைபேசி எண்ணுக்கு வரும் கடவெண்ணைக் கொண்டு அதைப் பதியலாம். அங்கே எழுத வேண்டிய தேதி, ரிலீவிங் லெட்டரில் இருக்கும் அதே தேதி.